அன்பைச் சொல்லாத அப்பாவுக்கு ஒரு மெசேஜ்: அனுப்பலாமா, வேண்டாமா?

தூரிகை: அப்பா பாசமாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அவரை எவ்வளவு பிடிக்கும் என்று சின்னதாக ஒரு மெசேஜில் சொல்ல ஆசை. அவர் சங்கடப்படாத மாதிரி எப்படி எழுதுவது?

மணல்மேடு: அனுப்பாதீர்கள். அந்த மாதிரிப் பேச்சே பழகாத மனிதர், படித்துவிட்டு என்ன செய்வார்? அடிக்கடி போன் செய்யுங்கள், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், அவருக்குப் புரியும்.

வேம்பு: பக்கத்தில் உட்காருவது சரிதான், ஆனால் நேரில் சொன்னால்தான் அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். மெசேஜ் என்றால் தனியாகப் படிக்கலாம், மறுபடி எடுத்தும் பார்க்கலாம். பதிலுக்குப் பாசமாகப் பேசியாக வேண்டுமே என்பதுதான் அவருக்குப் பாரம், அதை எடுத்துவிடுங்கள். அவர் செய்த ஒரு காரியம், அடுத்து உங்கள் மனசு ஒரே வரியில், கடைசியில் அவர் சுலபமாகப் பதில் போடக்கூடிய சாதாரணக் கேள்வி. இப்படி:

"அப்பா, பரீட்சை சமயத்தில் நான் படித்து முடிக்கிறவரை நீங்களும் தூங்காமல் உட்கார்ந்திருப்பீர்களே, இன்றைக்கு அது ஞாபகம் வந்தது. எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். கண்ணாடி மாற்றிவிட்டீர்களா?"

அவர் கண்ணாடியைப் பற்றி மட்டும் பதில் போடுவார், அதோடு விட்டுவிடுங்கள். அப்புறம், ராத்திரி வேளையில் அனுப்ப வேண்டாம். "எல்லாவற்றுக்கும் நன்றி, மன்னித்துவிடுங்கள்" என்றெல்லாம் எழுதினால் விடைபெறுகிற மாதிரி இருக்கும், பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போவார். அனுப்பிவிட்டுக் கூச்சப்பட்டு அழித்தாலும் அதே கதைதான், வாட்ஸ்அப்பில் என்றால் அழித்த தடம் திரையில் நிற்கும்.

செங்கல்: எங்கள் அம்மா வாயைத் திறந்தால் குத்தல்தான், சின்ன வயதில் நிறைய அடியும் வாங்கியிருக்கிறேன். அவரிடம் போய் நான் ஏன் முதலில் சொல்ல வேண்டும்?

வேம்பு: நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, செங்கல். தூரிகையின் அப்பா சொல்லத் தெரியாதவர், உங்கள் அம்மா காயப்படுத்தியவர். இந்த யோசனை உங்களுக்கானது இல்லை.

மணல்மேடு: சரி, அனுப்பட்டும். ஆனால் அந்தக் கண்ணாடி வரி எனக்கு ஒப்பவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினால், போகிற போக்கில் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டாரா?

வேம்பு: எடுத்துக்கொள்ளலாம். கேள்வி இல்லாமல் அப்படியே விட்டால் அவர் திணறவும் செய்யலாம். பேச்சை மாற்றித் தப்பிக்க அவருக்கு ஒரு வழி இருக்கட்டும் என்பேன் நான். அவர் எப்படிப்பட்டவர் என்று தூரிகைக்குத்தான் தெரியும்.

தூரிகை: அப்பாவுக்குச் சின்ன எழுத்து படிக்கச் சிரமம். வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாமா?

வேம்பு: நாலு பேர் நடுவில் திறந்தால் சத்தமாகக் கேட்டுவிடும், அதைத்தான் அவர் தாங்கமாட்டார். எழுத்திலேயே, இரண்டு மூன்று வரிக்குள் அனுப்புங்கள். அவர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிட்டால் போதும்.