லிப்பியில் இரவல் எடுத்த நூல் கோபோவுக்குள் போகாமல் எங்கெங்கே நிற்கிறது?

வடலி (டொரோண்டோ)

டொரோண்டோ நூலக அட்டையும் கோபோ வாசிப்பானும் வைத்திருக்கிறவை ஒரே இடத்திலைதான் மாட்டுப்படுகினம். அதாலை அந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுறன்.

முதலிலை லேசான வழி. கோபோவிலை `More` → `Settings` → `Accounts` போய் `OverDrive` எண்டதுக்குள்ளை நூலக அட்டை எண்ணைக் குடுங்கோ. பிறகு ஃபோனிலை லிப்பி எண்ட நூலகச் செயலியில் இரவல் எடுத்திட்டு, கோபோவிலை `Sync` தட்டினால் நூல் தானாக வந்து நிக்கும். கேபிளும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். (லிப்பியை நடத்துற ஓவர்டிரைவ் நிறுவனம் 2015 முதல் 2020 வரை கோபோவின்ரை தாய் நிறுவனமான ரக்குட்டனிட்டைத்தான் இருந்தது. அந்த உறவின்ரை மிச்சம்தான் இந்த வசதி.)

ஆனால் எல்லா நூலும் இப்பிடி வராது. கோபோவின்ரை சொந்தக் கடைப் பட்டியலிலை இல்லாத தலைப்பெண்டால், லிப்பியில் இரவல் காட்டும், கோபோவிலை எத்தினை தரம் `Sync` தட்டினாலும் காட்டாது. சின்னப் பதிப்பகங்களின்ரை நூலுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்பதான் கம்ப்யூட்டர் வழிக்குப் போகவேணும்.

கம்ப்யூட்டரிலை `libbyapp.com` திறந்து, `Shelf`-இலை அந்த நூலின்ரை `Manage Loan` → `Read With...` போனால் EPUB-ஐ இறக்கிற தெரிவு இருக்கும். இறங்கிறது `.acsm` எண்டு முடியிற ஒரு கோப்பு. ஒண்டிரண்டு கிலோபைட்தான் இருக்கும். அது நூல் இல்லை, ரேஷன் கடை டோக்கன் மாதிரி. டோக்கனைக் கொண்டுபோய்க் குடுத்தால்தான் அரிசி கிடைக்கும். குடுக்கிற இடம் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் எண்ட மென்பொருள். அதிலை திறந்த பிறகுதான் உண்மையான EPUB இறங்கும்.

கண்ணாடிக்காரன்

அவ்ளோ சுத்த வேண்டாமே. கோபோவை USB-ல சொருகுங்க, கோப்பை இழுத்து உள்ள போடுங்க, கேபிளைக் கழட்டுங்க. பைல் எக்ஸ்புளோரரே போதும். நான் எல்லா EPUB-உம் அப்படித்தான் போடுறேன்.

வடலி

தம்பி, நீங்கள் சொல்லுறது பாதி சரி. பூட்டு இல்லாத EPUB எண்டால் அது போதும். நூலக நூலுக்கு அடோபியின்ரை பூட்டு இருக்கு.

`.acsm`-ஐ அப்பிடியே கோபோவுக்குள்ளை போட்டால் ஒண்டும் தெரியாது, பிழைச் செய்திகூட வராது. அதாலைதான் சனம் கேபிள் பழுது எண்டு நினைக்குது. டிஜிட்டல் எடிஷன்ஸ் இறக்கின EPUB-ஐ இழுத்துப் போட்டால் அட்டைப்படம் தெரியும், ஆனால் கோபோ அதே அடோபி கணக்கோடை ஏற்கனவே இணைஞ்சிருந்தால்தான் உள்ளே திறக்கும். அந்த இணைப்பை முதல் தரம் டிஜிட்டல் எடிஷன்ஸ் ஊடாகத்தான் செய்யலாம். ஒருக்கால் செய்திட்டால், அதுக்குப் பிறகு நீங்கள் சொன்னமாதிரி இழுத்துப் போட்டாலும் வேலை செய்யும். உங்கட கோபோவிலை ஆரோ ஏற்கனவே செய்து வைச்சிருக்கலாம். `Factory reset` அடிச்சால் அந்த இணைப்பும் அழிஞ்சுபோம், திரும்ப முதலிலை இருந்து.

ஒழுங்கு இதுதான்:

டிஜிட்டல் எடிஷன்ஸைப் போட்ட உடனே `.acsm`-ஐத் தொடாதேங்கோ. முதல் `Help` → `Authorize Computer` போய் அடோபி கணக்கைக் குடுங்கோ. பிறகு கோபோவைச் சொருகி, அதின்ரை திரையிலை `Connect` தட்டுங்கோ. இடப் பக்கத்திலை `Devices` எண்டதுக்குக் கீழை கோபோ தெரியவேணும். தெரியாட்டில் மென்பொருளை மூடி, கோபோ சொருகினபடியே இருக்க திரும்பத் திறவுங்கோ. அப்பவும் இல்லையெண்டால் கேபிளைப் பாருங்கோ, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள்கள் நிறைய இருக்கு. கோபோ தெரிஞ்சதும் அதுக்குப் பக்கத்திலை இருக்கிற பற்சக்கரப் படத்தைத் தட்டி, அதையும் அதே கணக்கிலை இணையுங்கோ. கடைசியாத்தான் `.acsm`-ஐத் திறந்து, நூலைக் கோபோவின்ரை பேரிலை இழுத்துவிடுங்கோ. கழட்டமுதல் `Eject`.

நியூஜெர்சிக்காரர்

இதெல்லாம் எதுக்குங்க? `Read With...` தட்டினா கிண்டில்னு இருக்கும். அமேசான் பக்கம் திறக்கும், `Get Library Book` அழுத்தினா வைஃபைல வந்துடும். முடிஞ்சது கதை.

வடலி

ஐயா, அது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும். கனடா அட்டையிலை அந்தத் தெரிவே வராது.

நியூஜெர்சிக்காரர்

ஓ, சரிங்க. அப்படின்னா அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லி வைக்கிறேன். அமேசான் தளத்துல நூலைக் கம்ப்யூட்டர்ல இறக்கி USB வழியா கிண்டில்ல போடற வசதியை 2025 பிப்ரவரி 26-ஓட எடுத்துட்டாங்க. பழைய வழிகாட்டிகள்ல இன்னும் அதைத்தான் சொல்லிட்டிருப்பாங்க, தேடி நேரத்தை வீணாக்காதீங்க. இப்போ கிண்டிலுக்கு வைஃபை இருந்தே ஆகணும்.

இன்னொண்ணு, இரவல் நாள் முடிஞ்சாலும் கிண்டில் இணையத்துல சேர்ற வரைக்கும் நூல் உள்ளேயே இருக்கும். ஏரோபிளேன் மோட்ல வெச்சுப் படிச்சு முடிக்கலாம். நூலகக் கணக்குல அன்னிக்கே திரும்பிடும், அதனால வரிசையில அடுத்து நிக்கறவருக்குத் தாமதம் கிடையாது.

பனிமலர்

அக்கா, நீங்க எழுதுறதுக்கு முன்னாடியே நான் டிஜிட்டல் எடிஷன்ஸ்ல அந்தக் கோப்பைத் திறந்துட்டேன். கணக்கு கேட்டுச்சு, `without an ID`-ன்னு இருந்த பெட்டியை டிக் பண்ணேன். நூல் கம்ப்யூட்டர்ல படிக்க முடியுது. இப்ப கோபோவுக்காக அடோபி கணக்கு போட்டுட்டு திரும்பத் திறந்தா இது வருது:

```
E_LIC_ALREADY_FULFILLED_BY_ANOTHER_USER
```

லிப்பியில இருந்து புதுசா `.acsm` இறக்கினாலும் அதேதான்.

வடலி

அதுக்குத்தான் `.acsm`-ஐத் தொடாதேங்கோ எண்டு எழுதினது. முதலிலை ஆர் திறந்தினமோ அவையின்ரை பேரிலை அந்த இரவல் எழுதுப்பட்டிடும். பேரில்லாமல் திறந்தாலும் அதுவும் ஒரு ஆள்தான், இப்ப நீங்கள் வேறை ஆள். இரவல் அதே இரவலா இருக்கிறபடியா எத்தினை புது `.acsm` இறக்கினாலும் மாறாது.

அந்த நூல் உங்கட கம்ப்யூட்டரிலை இன்னும் திறபடுதோ? திறபட்டால் தப்பிச்சியள். டிஜிட்டல் எடிஷன்ஸிலை நூலின்ரை மேலை வலது கிளிக் → `Return Borrowed Item`. திரும்பிட்டுதோ எண்டு லிப்பியின்ரை `Shelf`-இலை பாத்து உறுதிப்படுத்துங்கோ. பிறகு `Ctrl+Shift+D` அழுத்திப் பழைய இணைப்பை அழிச்சிட்டு, அடோபி கணக்கோடை இணைச்சு, திரும்ப இரவல் எடுங்கோ. இந்த வரிசையை மாத்தக்கூடாது. இணைப்பை முதல் அழிச்சால் நூலைத் திறக்கவும் ஏலாது, திருப்பிக் குடுக்கவும் ஏலாது. அப்ப நாள் முடியுமட்டும் காத்திருக்கவேணும், இல்லாட்டில் நூலகத்து உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேக்கவேணும். வரிசையிலை நிண்டு எடுத்த நூலெண்டால், திருப்பினவுடனை அடுத்த ஆளுக்குப் போயிடும், அதையும் யோசிச்சுச் செய்யுங்கோ.

பனிமலர்

திருப்பிட்டேன், மறுபடி எடுத்துட்டேன். இப்ப வேற:

```
E_ADEPT_REQUEST_EXPIRED
```

கண்ணாடிக்காரன்

இது எனக்குத் தெரியும். Downloads-ல கிடக்கிற பழைய `.acsm`-ஐத் திறந்திருப்பீங்க. அந்தக் கோப்புக்கே காலாவதி நேரம் இருக்கு. பழசெல்லாம் அழிச்சுட்டு இப்ப இறக்கினதை மட்டும் திறங்க. அப்பவும் வந்தா கம்ப்யூட்டர் கடிகாரத்துல தேதி, நேர வலயம் சரியான்னு பாருங்க. கடிகாரம் தப்பா இருந்தா புதுக் கோப்பும் காலாவதி ஆனதாத்தான் தெரியும்.

வடலி

தம்பி சொன்னது சரி. இன்னொரு விசயம், ஒரு அடோபி கணக்குக்கு ஆறு கம்ப்யூட்டர், ஆறு வாசிப்பான் மட்டும்தான். கம்ப்யூட்டரை விக்கமுதல், ஃபார்மட் பண்ணமுதல் இணைப்பைக் கழட்டிவிடுங்கோ.

இப்பிடி எடுத்த நூலை முன்கூட்டியே திருப்பிறதும் டிஜிட்டல் எடிஷன்ஸிலைதான், லிப்பியிலை திருப்ப விடாது. நாள் முடிஞ்சால் நூல் திறபடாது, ஆனால் கோப்பு கோபோவிலை கிடக்கும், நீங்கள்தான் அழிக்கவேணும். கிண்டிலிலை செய்யிற ஏரோபிளேன் வித்தை இங்கை பலிக்காது. முடிவுத் தேதி நூலோடையே வருது.

பழைய ரேடியோ

நான் ஒலிநூல்தான் கேட்பேன். கோபோவில் புளூடூத் இருக்கிறதே, லிப்பியில் எடுத்த ஒலிநூலை இதே வழியில் ஏற்ற முடியுமா? கண் சரியில்லாத என் அம்மாவுக்கு வேண்டும்.

வடலி

ஏலாது. கோபோவின்ரை புளூடூத் கோபோவிட்டை இருந்தே எடுத்த ஒலிநூலுக்கு மட்டும். நூலக ஒலிநூல் அதுக்கும் போகாது, கிண்டிலுக்கும் போகாது. பழைய ஓவர்டிரைவ் செயலியை வைச்சுச் சொல்லுற வழிகளையும் நம்பாதேங்கோ, அந்தச் செயலி 2023 மே 1-ஓடை நிண்டுபோச்சு.

அம்மாவுக்கு எண்டால் லிப்பி போட்ட ஃபோனோ டேப்லெட்டோ தான் சரி. வீட்டு வைஃபையிலை முழுசா இறக்கி வைச்சு, புளூடூத் ஸ்பீக்கரிலை விடுங்கோ. 64 கேபிபிஎஸ் ஒலித்தரம் எண்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 29 மெகாபைட், பத்து மணிநேர நூலுக்கு 290. வேகத்தை 0.6 வரைக்கும் குறைக்கலாம், தூக்க நேரக் கணக்கும் இருக்கு. வாசிப்பும் ஒலிநூலும் ஒரே கருவியிலை வேணுமெண்டால் ப்ளே ஸ்டோர் உள்ள ஆண்ட்ராய்டு மின்மை வாசிப்பான் வாங்கி அதிலை லிப்பியையே போடலாம். அதுக்கு அடோபியும் வேண்டாம்.

தோ பாயோ

சிங்கப்பூர் தேசிய நூலக வாரிய அட்டை. லிப்பியில் தமிழ் நூல்கள் இருக்கின்றன, ஃபோனில் அழகாகத் தெரிகின்றன. அதே நூலை டிஜிட்டல் எடிஷன்ஸ் வழியாகக் கோபோவில் போட்டால் எழுத்து சிதைகிறது. கோபோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதுதானே காரணம்?

கண்ணாடிக்காரன்

ஆமா. கோபோவைச் சொருகி, மேல் மட்டத்துல `fonts`-னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் TTF-ஐ உள்ள போடுங்க. படிக்கும்போது `Aa`-ல அதைத் தேர்ந்தெடுங்க.

வடலி

எப்பிடிச் சிதையுது எண்டதைப் பொறுத்தது. எழுத்துக்குப் பதிலாக் கட்டம் கட்டமாத் தெரிஞ்சால் எழுத்துரு இல்லை, தம்பி சொன்னது தீர்க்கும். ஆனால் எழுத்தெல்லாம் இருந்து, "கொடி" எண்ட சொல்லிலை ஒற்றைக் கொம்பு "க"வுக்குப் பின்னாலை போய் நிண்டால், அது எழுத்துருக் குறை இல்லை. எழுத்துக் கோக்கிற மென்பொருளுக்குத் தமிழ் ஒழுங்கு தெரியேல்லை. எத்தினை எழுத்துரு மாத்தினாலும் கொம்பு முன்னாலை வராது. உங்களுக்கு எது?

தோ பாயோ

இரண்டாவது. கொம்பு பின்னால் நிற்கிறது. நோட்டோவையும் போட்டுப் பார்த்தேன், கட்டங்கள் இல்லை, கொம்பு அங்கேயே.

வடலி

அப்ப `OverDrive` நேர்வழியிலை அதே நூல் கோபோவுக்கு வருதோ எண்டு பாருங்கோ. நேர்வழியிலை வாறது கோபோவின்ரை சொந்த வடிவம், அதைக் காட்டுற மென்பொருளும் வேறை. அடோபி வழியிலை வந்ததைப் பூட்டோடை வேறை வடிவத்துக்கு மாத்த ஏலாது.

தோ பாயோ

இந்தத் தலைப்பு நேர்வழியில் வரவில்லை, அதனால்தான் கேபிளுக்கு வந்தேன். கோபோவின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு ஒரு முறை பார்க்கிறேன். அதுவரை ஃபோன்தான்.

பனிமலர்

அக்கா, கண்ணாடிக்காரன் அண்ணா, தேதி சரியாத்தான் இருந்துச்சு, பழைய கோப்புதான் பிரச்சினை. அழிச்சுட்டுப் புதுசைத் திறந்தேன், கோபோல வந்துடுச்சு. ஒரே சந்தேகம், அடுத்த நூலுக்கும் இவ்வளவும் திரும்பப் பண்ணணுமா?

வடலி

இல்லை. இணைப்பு இருக்கு. இனி `.acsm` இறக்கிறது, திறக்கிறது, இழுக்கிறது, `Eject`, அவ்வளவுதான்.