தெர்மல் பேட் மாற்றிய பிறகு கிராபிக்ஸ் கார்டு சூடு ஏறிவிட்டது, ஏன்?

கேள்வி
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி. கேம் ஆடும்போது ஜங்ஷன், அதாவது சிப்பின் மிகச் சூடான இடம், 100 டிகிரியைத் தொட்டது. போன ஞாயிறு கழற்றி, காய்ந்த பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். பழைய பேட் கையில் பிய்ந்து வந்ததால் எல்லா இடத்திலும் 1.5 மி.மீ. பேட் ஒட்டினேன். இப்போது லினக்ஸில் `sensors` காட்டுவது:

```
edge:      +74.0°C
junction: +109.0°C
mem:       +78.0°C
```

மெமரி 90லிருந்து இறங்கிவிட்டது, ஜங்ஷன் மட்டும் ஏறிவிட்டது. பேஸ்டில் தப்பா?

வைகைக்கரை
பேஸ்ட் குறைவாக வைத்திருப்பீர்கள். இந்தச் சிப்புக்கு மேல் மூடி கிடையாது, மூலைவரை தடவ வேண்டும். இன்னும் தாராளமாக வையுங்கள்.

சால்டர்புகை
மூலைவரை தடவச் சொன்னது சரி, ஆனால் கூடுதல் பேஸ்ட் இதைத் தீர்க்காது. edge-க்கும் junction-க்கும் 35 டிகிரி இடைவெளி, மெமரி மட்டும் குளுகுளு. ஹீட்சிங்க் தடிமனான பேட் மேல் உட்கார்ந்துகொண்டு சிப்பைச் சரியாகத் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

கழற்றியதும் துடைத்துவிடாமல் பேஸ்ட் தடத்தைப் பாருங்கள். அழுந்திய இடத்தில் அடியில் இருக்கும் சிப் தெரிகிற அளவுக்கு மெல்லிய படலம்தான் இருக்கும். அழுந்தாத பக்கம் கெட்டியாகக் குவிந்திருக்கும்.

பேட் அளவுக்கு, மெமரி சிப் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக வையுங்கள். மெமரி பேட் எதுவும் இல்லாமல், சிப்பில் பேஸ்டோடு ஹீட்சிங்கை முடுக்கிக் கழற்றினால் நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உண்மையான இடைவெளி. அதைவிடக் கொஞ்சம் கூடுதலான, மெத்தென்ற பேட் வாங்குங்கள். சிப்பைச் சுற்றியுள்ள நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக முடுக்குங்கள்.

நள்ளிரவுகேமர்
அண்ணா, என் கார்டில் பேட் ஓரத்தில் எண்ணெய் கசிகிறது. கார்டு போய்விட்டதா?

சால்டர்புகை
இல்லை தம்பி, அது பேடிலிருந்து வரும் சிலிக்கான் எண்ணெய். மின்சாரம் கடத்தாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடு.

கேள்வி கேட்டவர்
நீங்கள் சொன்னதுதான். சிப்பின் ஒரு பாதியில் பேஸ்ட் தோசைமாவு மாதிரி அப்படியே இருந்தது. களிமண் 0.8 மி.மீ. காட்டியது, மெமரிக்கு 1 மி.மீ. பேட் போட்டேன். சிப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றுப் பக்கம் இடைவெளி பெரிது, அங்கே 1.5 அப்படியே இருக்கிறது. அதே கேமில் edge 73, junction 90, mem 82. மிக்க நன்றி!

வைகைக்கரை
அப்போ என் கணிப்பு தப்பு. ஆனால் இதற்கு பிடிஎம் 7950 தாள்தான் நிரந்தரம், பேஸ்ட் வேண்டாம்.

சால்டர்புகை
நல்ல தாள்தான், போலியும் நிறைய விற்கிறது. 17 டிகிரி இடைவெளி போதும், இப்போதைக்குத் தொட வேண்டாம். பேஸ்ட் நீர்த்ததாக இருந்தால் சூடாகி ஆறுவதிலேயே மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கும். அப்போது இந்த இடைவெளி மறுபடி விரியும்.

கேள்வி கேட்டவர்
நான் வைத்தது நீர்த்த வகைதான். இரண்டு மாதம் கழித்து அதே கேமில் எடுத்த எண்களைப் போடுகிறேன்.