அடிப்பவளும் பெண்ணாக இருந்தால்

பாலாற்றங்கரை:
வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டில் மூன்று வருடம் நானும் என் காதலியும் சேர்ந்து இருந்தோம். வீட்டுக்காரம்மாவுக்கு நாங்கள் அக்கா தங்கை. என் ஏடிஎம் கார்டை அவள் வாங்கி வைத்துக்கொண்டபோது குடும்பம் என்றால் இப்படித்தான் என்று நினைத்தேன். வேலை முடிந்து வர தாமதமானால் வீடியோ கால் போட்டு பஸ்ஸைக் காட்டச் சொல்வாள். எந்தச் சண்டையும் ஒரே இடத்தில்தான் முடியும்: "ஆற்காட்டுல உங்கம்மாவுக்கு நம்ம போட்டோவை அனுப்பட்டுமா?"

நான் உயரம், முடியும் கட்டை. அவள் ஒல்லியாக இருப்பாள். தெரிந்த இரண்டு பேரிடம் சொன்னபோது, "அவளையா சொல்ற?" என்றார்கள். ஒருநாள் வேண்டுமென்றே கதவில் என் விரல்களை நசுக்கினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வீட்டுக்காரர் அடிச்சாரா?" என்று கேட்டார். "கல்யாணம் ஆகல சிஸ்டர்" என்றேன். கேள்வி அதோடு முடிந்தது. அவளோ பக்கத்திலேயே தங்கையாக நின்றுகொண்டிருந்தாள். சீட்டில் 'தற்செயலாக' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் நான்கு நாள் ஊருக்குப் போனாள். அந்த நான்கு நாளும் நன்றாகத் தூங்கினேன். அவள் திரும்பி வந்து கீழே ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் வயிறு பிசைந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது தனியாக வந்துவிட்டேன். ஆனால் ஒருமுறை நானும் அவளைத் தள்ளிவிட்டிருக்கிறேன். அப்படியானால் இது இரண்டு பேர் தப்புதானே?

வேலன்:
பெற்றோர் அடைத்து வைத்தால் ஆட்கொணர்வு மனு போடலாம் சகோதரி. 2025 மே மாதம் குடியாத்தம் பெண் ஒருவர் விஷயத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை வீட்டாரிடமிருந்து விடுவித்ததே.

பாலாற்றங்கரை:
அண்ணா, என்னை அடைத்து வைத்தது வீட்டார் இல்லை. அம்மாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

மரகதம்:
குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் மேல்தான் மனு போட முடியும். அதனால் உங்களுக்கு வழியே இல்லைம்மா.

சட்ட உதவித் தன்னார்வலர்:
மரகதம் அக்கா, 2005 சட்டத்தில் 'வயது வந்த ஆண்' என்று இருந்தது உண்மை. 2016ல் உச்சநீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது. ஆனால் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களின் உறவை அந்தச் சட்டம் சொல்லும் 'திருமணம் போன்ற உறவு' என்று நீதிபதி ஏற்பாரா என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதை மட்டும் நம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

பாலாற்றங்கரை, யார் தள்ளினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். யாருக்குப் பயந்து யார் தன் நாளையே மாற்றிக்கொண்டார்கள் என்று பாருங்கள். அவள் ஸ்கூட்டி சத்தத்துக்கு நீங்கள் பயந்ததுபோல், நீங்கள் வரும் சத்தத்துக்கு அவள் பயந்தாளா?

புகாரில் உறவைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்றில்லை. விரலை நசுக்கியது, கார்டைப் பிடுங்கியது, படத்தை அனுப்புவேன் என்று மிரட்டியது, இவற்றைத் தேதியோடு எழுதினால் போதும். அந்தரங்கப் படத்தைச் சம்மதம் இல்லாமல் அனுப்பினால் ஐ.டி. சட்டம் 66இ இருக்கிறது. அது ஆண், பெண் பார்க்காது. ஆனால் விசாரணையில் உறவு வெளியே வரலாம். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் ஸ்டேஷன் படியேற வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இனி காயம் பட்டால் டாக்டரைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். 15100க்கு போன் செய்தால் இலவச சட்ட உதவி. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போனால் ஸ்டேஷனில் பேசும் விதமே மாறும்.

வாணி, ஆம்பூர்:
நான் திருநங்கை. என் புருஷன் அடிக்கவில்லை, ஹார்மோன் மாத்திரையை ஒளித்து வைப்பான். கடை கடையாகக் கேட்டு வாங்கி வரும் காசை ராத்திரி எண்ணி எடுத்துக்கொள்வான். எங்கள் திருநங்கைகள் ஜமாத்தில் சொன்னேன். "உனக்கு ஒருத்தன் கிடைச்சதே பெருசு, பொறுத்துக்கோ" என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் சிரிப்பார்கள். நான் எங்கே போவது?

சட்ட உதவித் தன்னார்வலர்:
வாணி, 2019 திருநர் சட்டத்தின் 18ஆம் பிரிவில் மனதளவிலும் பணத்தாலும் செய்யும் கொடுமையும் வருகிறது. போலீஸ் கேலி செய்தால் அது நடத்தை விதி மீறல். 2021 உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்த விதியைச் சேர்த்தார்கள். ஆனால் தங்குமிடம்தான் கஷ்டம். பெண்கள் உதவி எண் 181க்கு சொன்னால் பெண்களுக்கான சகி மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே திருநங்கையை எப்படி நடத்துவார்கள் என்பது உள்ளே இருப்பவரைப் பொறுத்தது. போவதற்கு முன்னால் போனில் பேசிப் பாருங்கள். மாத்திரைச் சீட்டையும் அடையாள அட்டையையும் போட்டோ எடுத்து, நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பாலாற்றங்கரை:
வாணி அக்கா, ராத்திரி தூக்கம் வராவிட்டால் மனநல உதவி எண் 14416க்கு பேசுங்கள். தமிழிலேயே பேசுகிறார்கள். நான் முதன்முதலில் 'அவள்' என்று சொன்னது அங்கேதான். எதிர்ப்பக்கம் ஒரு நொடிகூட தயங்கவில்லை.

ஸ்கூட்டி கேள்விக்குப் பதில்: இல்லை, அவள் ஒருநாளும் பயந்ததில்லை.

வீட்டு அட்வான்ஸ் முழுவதும் நான் கொடுத்தது, ஒப்பந்தம் அவள் பேரில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்டால் போட்டோவை அனுப்பிவிடுவாளோ என்று இன்னும் பயமாக இருக்கிறது.