பொருள்: ‘ஆக்டிவ் யூசர்’ - இயங்குபயனரா, புழங்குநரா?

பஸ்தம்பி, ஆயர் ஈத்தாம்:
வணக்கம். ஸ்கூல் பஸ் எங்க வருதுன்னு அம்மா அப்பா பாக்குற ஆப் ஒன்னு ஓட்டுறோம், 180 குடும்பம். முதலாளிக்கு மாசாமாசம் தமிழ்ல கேபிஐ ரிப்போர்ட் குடுக்கணும். ‘செயலில் உள்ள பயனர்’னு போட்டா, இப்ப ஆப்புல இருக்கிறவங்களான்னு கேக்குறாரு. வேற சொல் இருக்கா?

ஓய்வுவாத்தியார்:
இயங்குபயனர். வினைத்தொகை தம்பி, மூணு காலத்துக்கும் பொருந்தும்.

டேட்டாஅக்கா, கேஎல்:
ஐயா, சிக்கலே அதான், மூணு காலமும் வந்துட்டா எந்த நாள் கணக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. தம்பி, நீங்க எத எண்ணுறீங்க?

பஸ்தம்பி:
செர்வருக்கு போன்ல இருந்து ஏதாச்சும் வந்தா ஒரு ஆளு. தினமும் 170 கிட்ட வருது, ஸ்கூல் லீவுலயும் குறையல, நல்லாதான் போகுது.

டேட்டாஅக்கா:
லீவுல பஸ்ஸே ஓடல, யாரு பாக்குறா? அது ஆளு இல்ல லா, போன். நோட்டிபிகேஷன் வந்தா ஆப் பின்னாடி தானா முழிச்சு செர்வர்கிட்ட பேசும். மேப் பக்கத்த தொறந்தவங்கள மட்டும் எண்ணுங்க.

கோயில்பிள்ளை:
எங்க அன்னதான ஆப்புல நிறைய பேரு பேரு குடுத்திருக்காங்க, அவங்கள பதிவாளர்னு போடலாமா?

ஓய்வுவாத்தியார்:
பதிவாளர்னா ஆபீஸ்ல உக்காந்து பதியுறவர் ஐயா. பதிந்தோர்னு போடுங்க.

பஸ்தம்பி:
அக்கா, மாத்திட்டேன், லீவு நாள் காலியாச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கு, வெள்ளி பாதிதான்.

கெடாக்காரன்:
எங்க ஊர்ல ஞாயிறு ஸ்கூல் உண்டே, வெள்ளி சனிதான் லீவு.

பஸ்தம்பி:
எங்க பஸ் பினாங்கு தீவ விட்டே போறதில்லண்ணே.

டேட்டாஅக்கா:
அண்ணன் சொல்றது கெடாவுக்கு சரி. இங்க செர்வர் யூடிசில ஓடுது, நம்மளவிட எட்டு மணி பின்னாடி. திங்கக்கிழமை காலைல 6.20க்கு பஸ் பாக்குற அம்மா, அங்க ஞாயிறு ராத்திரி 10.20ல விழுறாங்க, அதே அம்மா மத்தியானம் பாத்தா திங்கள்லயும் ஒன்னு. வெள்ளிக்கு மத்தியானம் பாக்குறவங்க மட்டும்தான் மிஞ்சுறாங்க.

```sql
(opened_at AT TIME ZONE 'Asia/Kuala_Lumpur')::date
```

`opened_at` வகை `timestamptz`-ஆ இருக்கான்னு பாத்துக்குங்க. வெறும் `timestamp`-னா இது நேர எதிர்ப்பக்கம் எட்டு மணி இழுத்துட்டுப் போயிடும்.

சொல்லுக்கு வரேன், ‘புழங்குநர்’. நாள முன்னாடி ஒட்டிக்கலாம்: ஒருநாள் புழங்குநர், 28 நாள் புழங்குநர். மாசம்னு வைக்காதீங்க, 30 நாள்ல சில மாசம் அஞ்சு திங்கள் விழும், சிலதுல நாலு, 28ன்னா எப்பவும் நாலு வாரம்.

ஓய்வுவாத்தியார்:
புழங்குநர் இலக்கணத்துக்கு ஒத்துவருது, ஆனா வீட்டுல பாத்திரம் புழங்குற வாடை அடிக்குதே அம்மா.

டேட்டாஅக்கா:
அடிக்கட்டுமே ஐயா, தினமும் எடுக்குற பாத்திரம்தானே.

பஸ்தம்பி:
ஒரு பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் தனித்தனி போன்ல பாத்தா ஒன்னா ரெண்டா? முதலாளி ஒன்னுங்கிறாரு, பஸ் காசு குடும்பத்துக்கு ஒன்னுதானாம்.

டேட்டாஅக்கா:
எத்தன குடும்பத்துக்கு ஆப் உதவுதுன்னா அவர் சொல்றது சரி. செர்வர் தாங்குமான்னு பாக்கணும்னா ரெண்டு. ரெண்டையும் ஒரே பேர்ல எழுதாதீங்க.

ஓய்வுவாத்தியார்:
அப்ப ‘புழங்குகுடும்பம்’னு இன்னொரு சொல் வேணுமே!

பஸ்தம்பி:
முதலாளிகிட்ட காட்டினேன். "அன்னிக்கி பஸ் பாத்த வீடு"ன்னு எழுதுடாங்கிறாரு.