நெட் இல்லாதபோது கார்டு மெஷின் APPROVED காட்டியது, இரவில் DECLINED ஆகிவிட்டது. ஏன்?

கடைக்காரன்:
லண்டனில் சின்ன பலசரக்குக் கடை. சனிக்கிழமை மாலை நெட் போய்விட்டது, மெஷினில் உள்ள சிம்மிலும் சிக்னல் இல்லை. ஆனாலும் அது வழக்கம்போல் APPROVED என்று ரசீது அடித்தது, நானும் சாமானைக் கொடுத்தனுப்பினேன். இரவு லைன் வந்ததும் எல்லாம் தானாகப் போனது, மூன்று மட்டும் DECLINED. ஒப்புதல் கொடுத்த பிறகு எப்படி மறுக்கிறார்கள்?

மெட்ரோவாசி:
பணம் சிப்பிலேயே இருக்கும், மெஷின் அதில் கழித்துக்கொள்ளும். சென்னை மெட்ரோவில் NCMC கார்டு அப்படித்தான். மறுப்பே வரக்கூடாது, மெஷின் கம்பெனியிடம் சண்டை போடுங்கள்.

பழைய_சிப்:
மெட்ரோ கார்டுக்கு அது சரி, சாதாரண டெபிட் கார்டு சிப்பில் பணம் கிடையாது. நெட் இல்லாதபோது இரண்டு விதமாக APPROVED வரும். வங்கியைக் கேட்காமல் தொடர்ந்து எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு தொகை என்று சிப்பில் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கலாம். அதைத் தாண்டாவிட்டால் சிப்பே தன் ரகசியச் சாவியால் சான்று போட்டுக் கொடுத்துவிடும். இன்னொன்று, சிப் ‘வங்கியைக் கேள்’ என்கிறது, மெஷின் கேட்க வழியில்லாமல் அந்தக் கோரிக்கையைச் சேமித்துக்கொண்டு உங்களிடம் APPROVED காட்டுகிறது. இதில் வங்கி இன்னும் வாயே திறக்கவில்லை, நஷ்டம் பெரும்பாலும் கடைக்குத்தான். ரசீதில் CID என்று இருக்கிறதா?

கடைக்காரன்:
இருக்கிறது அண்ணா. மூன்றிலும் 80. பணம் வந்த ஒன்றில் 40, மற்றவற்றிலும் 80 தான்.

பழைய_சிப்:
40 என்றால் சிப்பே சம்மதித்தது. 80 என்றால் வங்கியைக் கேட்கச் சொன்னது. 80 வந்தாலே கோளாறு என்று நினைக்காதீர்கள், நெட் இருக்கும்போது கார்டைத் தட்டினாலும் பெரும்பாலும் அதுதான் வரும், உடனே பதிலும் வந்துவிடும். உங்களுக்கு அந்தப் பதில் இரவுதான் வந்தது. அதற்குள் கணக்கில் பணம் இல்லாமலோ கார்டை முடக்கியோ இருப்பார்கள். ஆஃப்லைன் வரம்பு ஒரு விற்பனைக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று மெஷின் கொடுத்தவர்களிடம் கேட்டுக் குறைக்கச் சொல்லுங்கள்.

பஸ்_பயணி:
லண்டன் பஸ்ஸிலும் தட்டும் நேரத்தில் வங்கியிடம் முழுத் தொகையைக் கேட்பதில்லையே? பிறகு வங்கி மறுத்தால் அந்தக் கார்டைத் தடைப்பட்டியலில் போடுகிறார்கள், பாக்கியைக் கட்டும்வரை திறக்காது.

கடைக்காரன்:
பஸ்ஸுக்குப் பட்டியல் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? ஒருவர் தெரிந்தவர், வந்து காசு கொடுத்துவிட்டார். மற்ற இரண்டையும் திரும்ப அனுப்பிப் பார்க்கலாமா?

பழைய_சிப்:
பணம் இல்லாமல் மறுத்திருந்தால் சில இடங்களில் மறுபடி அனுப்ப விடுவார்கள், உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். கார்டை முடக்கியிருந்தால் பயன் இல்லை. அப்புறம், அடுத்த முறை லைன் போனால் எல்லாம் அப்லோட் ஆகும்வரை மெஷினை ரீசெட் பண்ணாதீர்கள், சேமித்தது அதற்குள்தான் இருக்கிறது.

மெட்ரோவாசி:
ரீசெட் ஆனால் வாடிக்கையாளருக்கு இலவசமா?