93% ஒத்துப்போகிறோம், கப்பா மட்டும் 0.43

சர்க்கரை நோய் பற்றிய முறைசார் ஆய்வுக்காக நானும் தோழியும் தனித்தனியாக 400 கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தோம். இருவரும் சேர்த்தவை 12, விலக்கியவை 360. அவர் மட்டும் சேர்த்தது 20, நான் மட்டும் 8.

உடன்பாடு 0.93. ஆனால் பெரும்பாலானவற்றை விலக்கியதால் தற்செயலாகவே 0.878 வந்துவிடுகிறது. ஆக, தற்செயலைக் கழித்துப் பார்க்கும் கப்பா = (0.93 − 0.878) / (1 − 0.878) = 0.43. எக்செல், ஆர் இரண்டிலும் போட்டுப் பார்த்தாயிற்று, அதேதான். விகிதச் சாய்வைச் சரிசெய்யும் பபாக் 0.86 காட்டுகிறது. அதை மட்டும் எழுதினால் ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது.

அப்புறம் 28 முரண்களையும் உட்கார்ந்து பேசினோம். அவர் மட்டும் சேர்த்த 20-இல் 17-க்குக் காரணம் ஒன்றே: சுருக்கத்தில் வயது இல்லை. அவர் சேர்த்தார், நான் விலக்கினேன். இனி சந்தேகமானால் முழுக்கட்டுரைக்கு அனுப்புவது என்று விதியை மாற்றிவிட்டோம். இன்னும் 1,100 பாக்கி.

பேசுவதற்கு முந்தைய 0.43-ஐ அப்படியே அறிவித்துவிட்டு மீதியைத் தொடரலாமா, அல்லது புது விதியோடு 400-ஐயும் மறுபடி தனித்தனியே பார்க்க வேண்டுமா?