உதவி: 'ஹேவிங்' எல்லாவற்றையும் 'ஹேவ்' ஆக்கினேன், நீலக் கோடு கூடிவிட்டது

கரூர்த்தறி | இரவு 9.12
அவசரம். நாளைக் காலை 10 மணிக்குள் ஒரு கடிதம் போக வேண்டும். 'ஹேவிங்' வருகிற இடமெல்லாம் வேர்டில் நீலக் கோடு வந்தது. 'ஹேவிங்' தப்பு என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார், அதனால் மொத்தமாக ரிப்ளேஸ் கொடுத்து 'ஹேவ்' ஆக்கிவிட்டேன். இப்போது முன்பைவிட அதிகமாகக் கோடு. என்ன செய்வது?

சோடாபாட்டில் | 9.20
எந்த வரியில்? ஒரு வரியாவது போடுங்கள். யாருக்குக் கடிதம், பாங்குக்கா, கஸ்டமருக்கா?

மவுஸ்மணி | 9.24
ரொம்ப சிம்பிள். ரிவ்யூ போய் லாங்குவேஜில் `English (India)` என்று மாற்றுங்கள். அமெரிக்க ஆங்கிலம் வைத்திருந்தால் நம் ஆங்கிலத்துக்கெல்லாம் கோடு போடத்தான் செய்யும். எனக்கு 'கலர்' என்ற சொல்லுக்கே சிவப்புக் கோடு வந்துகொண்டிருந்தது, மாற்றியதும் போய்விட்டது.

சோடாபாட்டில் | 9.26
அது எழுத்துப்பிழை, சிவப்பு. இவர் சொல்வது நீலம், இலக்கணம். மொழியை மாற்றினால் இது போகாது.

ஓய்வுவாத்தியார் | 9.31
எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம். ஹேவ், நோ, லைக், அண்டர்ஸ்டாண்ட் இவற்றுக்கு 'இங்' வராது. வரவே வராது. இதைக்கூடப் படிக்காமல் ஏற்றுமதிக் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மவுஸ்மணி | 9.33
ஏற்றுமதிக் கடிதம் என்று அவர் சொல்லவே இல்லையே சார்.

ஓய்வுவாத்தியார் | 9.35
பெயரிலேயே கரூர், தறி இரண்டும் இருக்கிறது. வேறென்ன கடிதமாக இருக்கும்?

கரூர்த்தறி | 9.48
ஆமாம் சார், ஏற்றுமதிதான். பெட்ஷீட், டவல். வாங்குபவர் ஜெர்மனி, ஹாம்பர்க். பழைய பிரதியிலிருந்து போடுகிறேன்:

வி ஆர் ஹேவிங் 64 லூம்ஸ்.
வி ஆர் நோயிங் யூ சின்ஸ் 2016.
ஈச் கார்ட்டன் இஸ் கன்டெய்னிங் 24 பீசஸ் அண்ட் இஸ் வெயிங் 14 கிலோ.
வி ஹேவ் பீன் ஹேவிங் டிலேஸ் இன் டையிங்.

ரிப்ளேஸ் கொடுத்த பிறகு முதல் வரி 'வி ஆர் ஹேவ் 64 லூம்ஸ்', கடைசி வரி 'வி ஹேவ் பீன் ஹேவ் டிலேஸ்' என்று இருக்கிறது. மொத்தம் 3 பக்கம்.

சோடாபாட்டில் | 9.52
'வி ஆர் ஹேவ்' படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். முதலில் கன்ட்ரோல் இசட் அடித்துப் பழைய நிலைக்குப் போங்கள். கடைசி வரி முதலிலேயே சரியாகத்தான் இருந்தது.

கடைசிபெஞ்ச் | 10.03
இதற்குக் காரணம் நம் தமிழ்தான். நாம் '64 தறி வைத்திருக்கிறோம்' என்போம். 'இருக்கிறோம்' என்பது மனதில் 'ஆர்' ஆகிவிடுகிறது, 'வைத்து' போய் 'ஹேவிங்' ஆகிவிடுகிறது. வந்து விழுவது 'வி ஆர் ஹேவிங்'. அதனால் ஒரு சுருக்குவழி சொல்கிறேன். எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டிருக்கிறேன்' வந்தால் 'இங்' போடலாம், வராவிட்டால் போடக்கூடாது. 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, அதனால் 'நோயிங்' கிடையாது. நான் 6 வருடமாக இப்படித்தான் ஒப்பேற்றுகிறேன்.

மேசைவிளக்கு | 10.21
கடைசிபெஞ்ச், 'வைத்திருக்கிறோம்' பற்றிச் சொன்னது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. மொழிபெயர்ப்பு வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் சுருக்குவழியை அவருடைய மூன்றாவது வரியில் போட்டுப் பாருங்கள். 'ஒவ்வொரு பெட்டியும் 24 டவல்களைக் கொண்டிருக்கிறது' என்று நல்ல தமிழிலேயே எழுதுகிறோம். அங்கே 'கொண்டிருக்கிறது' என்பது நடந்துகொண்டிருப்பதைக் காட்டவில்லை, உள்ளே இருப்பதைத்தான் சொல்கிறது. உங்கள் விதிப்படி போனால் 'இஸ் கன்டெய்னிங்' சரியாகிவிடும். ஒருவேளை அந்தப் பிழை பிறக்கிற இடமே அதுதானோ என்னவோ.

இன்னொன்று. 'தெரியும்' என்பதற்குத் தமிழிலேயே 'கொண்டிரு' ஒட்டாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் 'வி ஆர் நோயிங்' எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து வந்திருக்க முடியாது. 'ஐ ஆம் கோயிங், ஐ ஆம் ஈட்டிங்' என்று பள்ளியில் கோரஸாகச் சொல்லிச் சொல்லி, இப்போது என்றாலே 'ஆம்… இங்' என்று வாய் பழகிவிட்டது என்பது என் ஊகம்.

கரூர்த்தறி, நான் பயன்படுத்துவது ஒரே கேள்விதான்: இதை யாராவது செய்கிறார்களா, பாதியில் நிறுத்த முடியுமா? உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் பையன் பெட்டியைத் தராசில் ஏற்றி முள்ளைப் பார்க்கிறான். 'ஹி இஸ் வெயிங் தி கார்ட்டன்.' போன் வந்தால் இறக்கி வைத்துவிட்டுப் போகலாம், அது செயல். பெட்டி 14 கிலோ இருப்பதை யாரும் செய்யவில்லை, நிறுத்தவும் முடியாது. அது 'தி கார்ட்டன் வெய்ஸ் 14 கிலோ'. சொல் ஒன்றுதான், எடை பார்ப்பதும் எடை இருப்பதும்தான் வேறு. அதனால் 'இந்தச் சொல்லுக்கு இங் வராது' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் எங்காவது இடறும்.

ஓய்வுவாத்தியார் | 10.30
பட்டியல் மனப்பாடம் செய்த தலைமுறை தப்பில்லாமல் எழுதியது.

மேசைவிளக்கு | 10.34
சார், நீங்கள் 'ஹேவ்'க்கு வரவே வராது என்றீர்கள். 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்' தப்பா? அங்கே 'ஹேவ்' என்பது சாப்பிடுவது. அவருடைய சாயப்பட்டறைத் தாமதமும் அப்படித்தான். அது சொத்து மாதிரி கையில் இருப்பதில்லை, மறுபடி மறுபடி வந்து படுத்துகிறது. அந்த வரியை அப்படியே விடலாம். 64 தறி சொத்து, அதற்கு 'வி ஹேவ்'.

ஓய்வுவாத்தியார் | 10.36
லஞ்ச் விதிவிலக்கு. அதையும் அதே பாடத்தில் நடத்தினோம்.

தென்காசிச்சாரல் | 10.41
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகன் 'ஐ ஆம் லிவிங் இன் தென்காசி' என்று எழுதியதற்கு ஒரு மார்க் போய்விட்டது. 'லிவ்' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் அந்த வகையா? அவன் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

மேசைவிளக்கு | 10.47
அம்மா, இரண்டும் சரி. பிறந்து வளர்ந்த ஊர் என்றால் 'லிவ்' கொஞ்சம் பொருத்தம். வேலைக்காக இரண்டு வருடம் வந்து தங்கியிருந்தால் 'லிவிங்' பொருத்தம். நானாக இருந்தால் மார்க் குறைக்க மாட்டேன்.

கடைசிபெஞ்ச் | 10.52
அப்போது 2003-லிருந்து மெக்டொனால்ட்ஸ் 'ஐம் லவின் இட்' என்று போர்டு வைத்திருக்கிறதே? 'லவ்' எந்த வகை? பாதியில் நிறுத்தலாமா?

சோடாபாட்டில் | 10.55
பில் வந்ததும் நின்றுவிடும்.

பனங்கிழங்கு | 11.02
நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இது பிழையே இல்லை. இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, அதன் தன்மைகளில் இது ஒன்று என்று மொழியியலாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் 'ஐம் வாண்டிங்' என்று பேசினால் அழகான வட்டார வழக்கு, கரூர்க்காரர் 'ஐ ஆம் வாண்டிங்' என்றால் படிக்காதவரா? ஷேக்ஸ்பியரில் ஹாம்லெட் புத்தகத்தோடு வரும்போது பொலோனியஸ் கேட்பது 'வாட் டூ யூ ரீட், மை லார்ட்?' இன்றைய பாடப்படி 'வாட் ஆர் யூ ரீடிங்' என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? 400 வருடத்தில் இந்த 'இங்' பரவிக்கொண்டேதான் வந்திருக்கிறது. நாம் இன்னும் நாலு அடி முன்னால் நிற்கிறோம், அவ்வளவுதான்.

ஓய்வுவாத்தியார் | 11.06
ஷேக்ஸ்பியரைத் துணைக்கு அழைத்துத் தப்பை நியாயப்படுத்துவதை இன்றுதான் பார்க்கிறேன்.

பனங்கிழங்கு | 11.09
தப்பு என்று யார் முடிவு செய்வது சார்? லண்டனா?

சோடாபாட்டில் | 11.12
வாங்குபவர் முடிவு செய்வார். நீங்கள் இருவரும் தனியாக ஒரு இழை திறந்து சண்டை போடுங்கள், அவர் தூங்க வேண்டும்.

மேசைவிளக்கு | 11.20
பனங்கிழங்கு சொல்வதில் உண்மை இருக்கிறது. நண்பரோடு பேசும்போது நானே யாரையும் திருத்துவதில்லை. ஆனால் விலைப்பட்டியலோடு போகிற கடிதத்தில், படிப்பவர் கண் சரக்கில் நிற்க வேண்டும், வாக்கியத்தில் நிற்கக்கூடாது.

கரூர்த்தறி, 2016 வரி மட்டும் ஜாக்கிரதை. 'இங்' நீக்கினால் போதும் என்று 'வி நோ யூ சின்ஸ் 2016' என்று போட்டுவிடாதீர்கள். ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து அடுத்ததில் விழுவது அது. நமக்கு '2016-லிருந்து தெரியும்' என்று நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை வந்ததைச் சொல்ல 'வி ஹேவ் நோன் யூ சின்ஸ் 2016' என்று வேண்டும். ஜெர்மன்காரர்களும் இந்த இடத்தில் அடிக்கடி விழுவார்கள், அவர்கள் மொழியிலும் இங்கே நிகழ்காலம்தான்.

அப்புறம், ரிப்ளேஸ் ஆல் பக்கமே போகாதீர்கள். ஃபைண்டில் `ing` என்று தேடி ஒவ்வொன்றாக நின்று, 'யாராவது செய்கிறார்களா' என்று கேட்டுக்கொண்டே போங்கள். 'ஷிப்பிங்', 'பேக்கிங்' எல்லாம் வரும், அவற்றைத் தாண்டிவிடலாம். 3 பக்கத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. கோட்டை முழுக்க நம்பவும் வேண்டாம், அது எல்லாவற்றையும் பிடிக்காது.

கரூர்த்தறி | 11.41
நன்றி. 2 பக்கம் முடித்தேன். ஒன்று மட்டும் இடிக்கிறது: 'வி ஆர் திங்கிங் தட் ஷிப்மென்ட் வில் லீவ் ஆன் 18'. யோசிப்பது செயல்தானே? நிறுத்தலாமே?

மேசைவிளக்கு | 11.46
நல்ல கேள்வி. உட்கார்ந்து யோசிப்பது செயல்: 'வி ஆர் திங்கிங் ஆஃப் சேஞ்சிங் தி டையர்'. இன்னும் முடிவெடுக்கவில்லை. 18-ம் தேதி கிளம்பும் என்பது உங்கள் அபிப்பிராயம், அது 'வி திங்க்'. ஆனால் வாங்குபவரிடம் 'நினைக்கிறோம்' என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். தேதி உறுதி என்றால் அந்தச் சொல்லே வேண்டாம்.

கரூர்த்தறி | 11.49
உறுதி இல்லை, சாயப்பட்டறைக்காரர் கையில் இருக்கிறது. 'வி திங்க்' இருக்கட்டும்.

கடைசிபெஞ்ச் | 11.58
என் சுருக்குவழி 'கன்டெய்ன்' தவிர மற்றதில் சரிதான் என்று பதிவு செய்கிறேன்.

மேசைவிளக்கு | காலை 7.15
'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்வோமே தம்பி. அதற்கு 'ஐ ஆம் பிலீவிங்' போடுவீர்களா?

கரூர்த்தறி | மாலை 6.30
காலையிலேயே அனுப்பிவிட்டேன். பதில் வந்தது. விலையை 4% குறைக்கச் சொல்கிறார், ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முதல் வரியிலேயே 'வி நோ யூ சின்ஸ் 2016' என்று எழுதியிருக்கிறார்.

தென்காசிச்சாரல் | இரவு 8.02
'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்' என்று லீவ் லெட்டரில் எழுதலாமா? நாளைக்கு வேண்டும்.